சாப்பிடும் நேரத்தில் போன் எங்கே இருக்க வேண்டும்?

இரவு எட்டரை மணி. அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே மனைவி சொல்கிறார்: "என்னங்க, மாடி வீட்டு அக்கா வீட்டைக் காலி பண்றாங்களாம்." மேசையில் உட்கார்ந்திருக்கும் கணவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்கிறார். கொஞ்சம் கழித்து, "என்ன சொன்னே?" என்று நிமிர்கிறார். "ஒண்ணுமில்ல, சட்னி வேணுமா?" என்று பதில் வருகிறது. அன்றைய பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது. வேறொரு நாள் இதே காட்சியில் போன் மனைவி கையில் இருக்கும், பேச வந்தவர் கணவராக இருப்பார்.

மாடி வீட்டுக்காரர் காலி செய்வது பெரிய செய்தி ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் சொன்னவருக்கு அதற்குப் பின்னால் சொல்ல இன்னும் ஏதோ இருந்திருக்கலாம். பகலில் ஒரு வார்த்தை பேச அவருக்கு இருந்த ஒரே துணை அந்த அக்காவாக இருக்கலாம். அல்லது, நாமும் இந்த வீட்டை விட்டுப் போய்விடலாமா என்று பல நாளாக மனதில் வைத்திருந்ததற்கு அது ஒரு தொடக்கமாக இருக்கலாம். "அப்படியா? ஏனாம்?" என்று ஒரு கேள்வி வந்திருந்தால் அது வெளியே வந்திருக்கும்.

கணவன் மனைவிக்கு இடையே ஒரு நாளில் நடக்கும் பேச்சில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சின்னச் சின்ன அழைப்புகள்தான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜான் காட்மேன் 1990-களில் புதுமணத் தம்பதிகளை ஒரு சிறிய அடுக்ககம் போன்ற ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, அவர்கள் சாதாரணமாகப் பேசிப் பழகுவதைப் படம் பிடித்தார். ஒருவர் ஏதாவது சொல்லும்போது மற்றவர் அதற்கு முகம் கொடுக்கிறாரா, காதில் வாங்காமல் விடுகிறாரா, எரிந்து விழுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் அன்றைக்கு 100 அழைப்புகளில் 86-க்கு முகம் கொடுத்தவர்கள். பிரிந்துபோனவர்கள் 33-க்குத்தான் கொடுத்திருந்தார்கள். அப்போது கைபேசி யார் வீட்டிலும் இந்த அளவுக்கு நுழைந்திருக்கவில்லை. காதில் வாங்காமல் விடுவது பழைய பழக்கம். போன் செய்தது, அதைத் தினசரி வழக்கமாக மாற்றியதுதான்.

"அந்தக் காலத்தில் அப்பா பேப்பருக்குப் பின்னால் மறைந்திருந்தாரே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்று இல்லை. பேப்பர் கடைசிப் பக்கத்தோடு முடிந்துவிடும். அவர் படிப்பது கிரிக்கெட்டா அரசியலா என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். போனுக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. அதில் அவர் பார்ப்பது அலுவலக அவசரமா, யாரோ அனுப்பிய வேடிக்கை வீடியோவா என்பதும் எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. இடையே புகுந்து பேசலாமா கூடாதா என்ற தயக்கம் அங்கேதான் பிறக்கிறது. தயங்கித் தயங்கிக் கடைசியில் பேசாமலே விட்டுவிடுவார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் சில ஆண்டுகளுக்கு முன் இதையே தம்பதிகளை வைத்து ஆராய்ந்தார்கள். தங்கள் துணை போனைப் பார்த்துக்கொண்டு தங்களைக் கவனிக்காமல் விடுவதாகக் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சொன்னார்கள். அதைவிட முக்கியமானது, அவர்கள் கண்ட வழித்தடம். கவனிக்காமல் விடுவது போனைப் பற்றிய சண்டையாகிறது. அந்தச் சண்டை உறவின் மீதான மனநிறைவைக் குறைக்கிறது. அந்தக் குறை சிலருக்குச் சோர்வில் போய் முடிகிறது. அப்படியானால், "எப்பப் பார்த்தாலும் போனு" என்று குத்திக்காட்டுவதும் இந்த வழித்தடத்தில் ஒரு படிதான். சண்டை போட்டுப் போனை வைக்கச் சொல்வதில் பலன் இல்லை. சண்டைக்கே இடமில்லாத ஏற்பாடு ஒன்று வேண்டும்.

பல வீடுகளில் ஏற்பாடு என்றால், போனைச் சைலண்டில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பது. இது போதாது. கனடாவின் வான்கூவரில் 300-க்கும் மேற்பட்டவர்களை நண்பர்களோடும் குடும்பத்தாரோடும் ஒரு உணவகத்தில் சாப்பிடவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. சிலர் போனை மேசைமேல் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் எடுத்து உள்ளே போட்டுவிட்டார்கள். மேசைமேல் போன் இருந்தவர்களுக்குக் கவனம் கூடுதலாகச் சிதறியது, சாப்பாட்டு நேரம் சற்றுக் குறைவாகவே இனித்தது. வித்தியாசம் பெரியதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். போன் பக்கத்தில் சும்மா கிடந்தாலே கெடுதலா என்று பார்த்த சோதனைகள் ஒரே முடிவைத் தரவில்லை. சிலவற்றில் பாதிப்பு தெரிந்தது, திரும்பச் செய்தபோது சிலவற்றில் தெரியவில்லை. ஆனால் வீட்டில் போன் சும்மா கிடப்பதில்லை. அபார்ட்மென்ட் குரூப், பள்ளி குரூப், அலுவலக குரூப் என்று ஒன்று மாற்றி ஒன்று அதிரும். அதிர்ந்தால் கை போகும். கை போகாவிட்டாலும் கண் போகும். எதிரில் பேசிக்கொண்டிருப்பவர் அந்தக் கண்ணைப் பார்ப்பார்.

ஆகவே போன் வேறு அறையில் இருக்க வேண்டும். எழுந்து நடந்து போனால்தான் எடுக்க முடியும் என்ற தூரத்தில் இருக்க வேண்டும். இதற்கு ஒரு நிலையான இடத்தை ஒதுக்குவது நல்லது. வாசல் பக்கத்து அலமாரித் தட்டு, செருப்பு ஸ்டாண்டின் மேல்பலகை, ஹாலில் வைஃபை பெட்டி இருக்கும் மூலை என்று எதுவானாலும் சரி, அங்கே இரண்டு சார்ஜர்களும் நிரந்தரமாகக் குத்தியிருக்க வேண்டும். இரவு எட்டரைக்குப் போனில் சார்ஜ் குறைந்திருக்கும். சார்ஜர் இருக்கும் இடத்துக்குப் போன் தானாகப் போகும்.

இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி, "ஊரில் வயசான அப்பா அம்மா இருக்காங்க, ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா?" என்பது. இது நியாயமான பயம். முறையாகப் பதில் சொல்லாவிட்டால், எந்த ஏற்பாடும் இந்தப் பயத்தினால்தான் மூன்றாம் நாள் குலையும். பதில் போனுக்குள்ளேயே இருக்கிறது. போனைச் சைலண்டில் போடாதீர்கள். அமைப்புகளில் Do Not Disturb என்று இருக்கும், அதைப் போடுங்கள். அதில் குறிப்பிட்ட சிலருடைய அழைப்பு மட்டும் மணியடிக்கும்படி வைக்கலாம். அப்பா, அம்மா, அண்ணன், விடுதியில் இருக்கும் மகள் என்று நான்கைந்து பேர் போதும். இந்தப் பட்டியலில் இல்லாத ஒருவர் உண்மையான அவசரத்தில் அழைத்தால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து இரண்டாவது முறை அழைப்பு வந்தால் மணி ஒலிக்கட்டும் என்று அதே இடத்தில் வைக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் மறுபடி அழைத்தால் ஒலிக்கும். இதை வைத்துவிட்டு, ஒலியை நன்றாகக் கூட்டி, போனை அந்தத் தட்டில் விட்டுவிடலாம். மணி அடித்தால் எழுந்து போய் எடுக்க வேண்டியதுதான். அடிக்காதவரை ஊரில் எல்லோரும் நலம்.

அடுத்த தடை நம் வீட்டுக்கே உரியது. வெளிநாட்டு ஆய்வுகளில் இதைப் பார்க்க முடியாது. போனை எடுத்து வைத்தாயிற்று, மேசைக்கு வந்தாயிற்று, ஆனால் மேசையில் ஒருவர்தான் இருக்கிறார். இன்னொருவர் அடுப்படியில் நின்று சுடச்சுடத் தோசையோ சப்பாத்தியோ போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் வந்து உட்காரும்போது முதல் ஆள் கை கழுவி எழுந்துவிடுகிறார். சேர்ந்து உட்காராத இரண்டு பேரிடம், சாப்பிடும்போது போன் வேண்டாம் என்று சொல்லி என்ன பயன்? தனியாகச் சாப்பிடுகிறவர் போனைத்தான் பார்ப்பார். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தமிழ் வீடுகளில் இரவுச் சாப்பாட்டுப் பேச்சு இல்லாமல் போவதற்குப் போனுக்கு முன்பிருந்தே இருக்கும் காரணம், பெண் கடைசியில் சாப்பிடும் வழக்கம்.

ஆகவே, பேச்சுக்கென்று ஒதுக்கும் இரவுகளில் முன்கூட்டியே செய்து மேசையில் கொண்டுவந்து வைத்துவிடக்கூடிய உணவாக இருக்கட்டும். இட்லி, இடியாப்பம், உப்புமா, கிச்சடி, சாம்பார் சாதம், பகலில் வைத்த குழம்பும் சோறும் எல்லாம் இதற்குச் சரி. தோசைதான் வேண்டும் என்றால் இருவரும் அடுப்படியிலேயே நிற்கலாம். ஒருவர் வார்க்க, மற்றவர் மேடைமேல் தட்டை வைத்துச் சாப்பிட, அப்புறம் கை மாறலாம். சிறிய அடுப்படிதான், ஆனால் அங்கே நின்று பேசுவது மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிடச் சிலருக்கு எளிதாகவும் இருக்கும். முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூச்சப்படுகிறவர்கள் வேலை செய்தபடியே நிறையப் பேசுவார்கள்.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். தாம்பரம் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அவர் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு, வீடு வந்து சேர ஏழரை ஆகும். அவர் மனைவி பள்ளி ஆசிரியை. மகன் ஐந்தாம் வகுப்பு. எட்டரை முதல் ஒன்பதரை வரை போன் ஹால் தட்டில் என்று முடிவு செய்கிறார்கள். வாரம் முழுவதும் என்று தொடங்கவில்லை. திங்கள் முதல் வியாழன் வரை மட்டும். வெள்ளி இரவு அவர் நண்பர்களோடு பேசுவார், சனி ஞாயிறு விருந்தாளி, பயணம் என்று கலைந்துவிடும். மனைவியின் அம்மா தினமும் எட்டே முக்காலுக்குத் தவறாமல் கூப்பிடுவார். அவரிடம் விஷயத்தைச் சொல்லி, அழைப்பை எட்டு மணிக்கு மாற்றிக்கொள்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் முதல் நாளே "போனை எடுக்கலையே, என்னடி கோபமா?" என்று மறுநாள் காலை விசாரணை வந்திருக்கும்.

முதல் இரவு பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிந்துவிடுகிறது. பேச ஒன்றும் இல்லை. மகனின் கணக்குத் தேர்வு, கேஸ் சிலிண்டர், பால் கணக்கு. அதற்குப் பிறகு மௌனம். அவர் கை இரண்டு முறை சட்டைப் பைக்குப் போய் வருகிறது. யாரோ ஒருவர் டி.வி. ரிமோட்டைத் தேடுகிறார். இங்கேதான் பெரும்பாலானவர்கள், "பார்த்தியா, நமக்குப் பேச எதுவும் இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. பல மாதமாகச் சின்ன விஷயங்களைச் சொல்லாமல் விட்டவர்களுக்குப் பெரிய விஷயத்துக்குப் போகும் வழி மறந்திருக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியை ஷெர்ரி டர்க்கிள், உரையாடல் பற்றிய தம் புத்தகத்தில் ஒரு மாணவி சொன்ன ஏழு நிமிடக் கணக்கைக் குறிப்பிடுகிறார். ஒரு பேச்சு எங்கே போகிறது என்று தெரிய ஏழு நிமிடமாவது ஆகும், இடையில் வரும் மௌனத்தைத் தாங்க வேண்டும், போனை எடுத்துவிட்டால் அந்த ஏழாவது நிமிடம் வருவதே இல்லை.

டி.வி.யையும் அந்த ஒரு மணி நேரம் அணைத்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் விட்ட இடத்தில் சீரியல் வந்து உட்காரும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் மனைவி சொல்கிறார்: "இன்னிக்கு எச்.எம். எல்லார் முன்னாடியும் என் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக் காட்டித் திரும்ப எழுதச் சொன்னாங்க." கணவர் வாயில் உடனே வந்து நிற்பது, "நீ அப்பவே சரியா எழுதியிருக்கலாம்ல?" அல்லது "விடு, இதெல்லாம் ஒரு விஷயமா?" அல்லது "நாளைக்கு நேராப் போய்க் கேட்டுடு." மூன்றும் நல்லெண்ணத்தில் வருபவைதான். மூன்றுமே பேச்சை முடித்துவைக்கும். முதலாவது குற்றம் சொல்கிறது, இரண்டாவது அவர் வருத்தத்தைச் சின்னதாக்குகிறது, மூன்றாவது கேட்காத யோசனையைக் கொடுக்கிறது. அவர் அன்று சொன்னது வேறு: "எல்லார் முன்னாடியுமா?" அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு மனைவி பத்து நிமிடம் பேசினார். பதிவேட்டில் தொடங்கி, புதிதாக வந்த ஆசிரியையோடு தன்னை ஒப்பிட்டுப் பேசுவது, மாற்றல் கேட்கலாமா என்ற யோசனை வரை வந்தார். மாற்றல் யோசனையைக் கணவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார்.

காட்மேன் தம்பதிகளுக்குச் சொல்லித்தரும் தினசரிப் பயிற்சியும் ஏறக்குறைய இதுதான். இருபது நிமிடம் அல்லது அரை மணி நேரம், மாறி மாறி ஒருவர் பேச மற்றவர் கேட்க வேண்டும். பேசுவது வெளியுலகத்துத் தொல்லைகளைப் பற்றி இருக்க வேண்டும். ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கும் குறைகளுக்கு அது நேரம் இல்லை. அவற்றை வேறொரு நாள் தனியாகப் பேச வேண்டும். யோசனை சொல்லும் முன் புரிந்துகொண்டதைக் காட்ட வேண்டும். துணையின் எதிராளிக்குப் பரிந்து பேசக் கூடாது. எச்.எம். பக்கம் நியாயம் இருந்தாலும் அதை அந்த இருபது நிமிடத்தில் சொல்ல வேண்டாம். நம் வீடுகளில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். மாமியார், நாத்தனார், மச்சினன் விவகாரங்களைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். எத்தனை நல்ல மனதோடு தொடங்கினாலும், அவை ஐந்தாவது நிமிடத்தில் "உங்க வீட்டு ஆளுங்க" என்று மாறிவிடும்.

இந்த ஏற்பாடு கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். இருவரில் ஒருவர் காவலாளியாகிவிடுகிறார். "எட்டரை ஆச்சு, வை கீழே," "நேத்து நீங்க எடுத்தீங்கல்ல, இன்னிக்கு நான் எடுப்பேன்" என்று கணக்குப் போடத் தொடங்கினால், மறுபடி பேய்லர் ஆய்வின் அந்தச் சண்டைக்கே வந்துவிட்டோம் என்று பொருள். அதற்கு மாற்று, போனை எடுக்க வேண்டியவர் காரணத்தைச் சொல்லி எடுப்பது. "மேனேஜர் ஒரு ஃபைல் கேட்டாரு, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, ஹாலில் நின்றபடியே முடித்து, போனை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். எதிரில் இருப்பவருக்கு வலிப்பது போன் எடுத்தது அல்ல, சொல்லாமல் கொள்ளாமல் எடுத்ததுதான். நைட் ஷிப்ட் உள்ள வீடுகளில், ஓட்டுநர், செவிலியர், காவல்துறை என்று போனை விட முடியாத வேலைகளில், இரவு நேரம் ஒத்துவராது. அவர்களுக்குக் காலைக் காபியின் அரை மணி நேரம் இதே வேலையைச் செய்யும்.

படுக்கையறை இன்னொரு கதை. போனை ஹாலில் விட்டுவிட்டுப் படுக்கப் போவோம் என்று முடிவெடுத்தவர்களை அலாரம் தோற்கடிக்கிறது. காலை ஐந்தரைக்கு எழுப்ப போன் வேண்டும், ஆகவே அது தலைமாட்டுக்கு வருகிறது, வந்ததும் ஒரு மணி நேரம் போகிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அலாரம் கடிகாரம் ஒன்றை வாங்கிவைப்பதைத் தவிர இதற்கு எனக்குத் தெரிந்து வேறு நல்ல வழி இல்லை.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? எத்தனை நாள் போனைத் தொடவில்லை என்று எண்ண வேண்டாம். வேறு சில அடையாளங்கள் உண்டு. நேற்றுச் சொன்ன விஷயத்தை இன்று அவராகவே, "அந்த எச்.எம். இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். பகலில் நடந்ததை, "இதை ராத்திரி சொல்லணும்" என்று மனதில் எடுத்துவைத்திருப்பார். தட்டு காய்ந்த பிறகும் இருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். இவற்றில் ஒன்று வந்தாலே ஏற்பாடு வேலை செய்கிறது.

இவை வராமல், போன் இல்லாத நேரம் ஒவ்வொரு முறையும் சண்டையில் முடிகிறது என்றால், அல்லது ஒருவர் மற்றவரிடம் பேசவே பயப்படுகிறார் என்றால், அங்கே நோய் போன் அல்ல. அந்த வீட்டில் போன் ஒரு மறைவிடமாக இருந்திருக்கிறது. அதைப் பிடுங்கினால் நிலைமை மோசமாகும். அப்படிப்பட்ட தம்பதிகள் குடும்ப நல ஆலோசகர் ஒருவரிடம் போவதுதான் சரி. போனை வாங்கித் துருவிப் பார்ப்பது, பாஸ்வேர்டு கேட்பது என்று இந்த ஏற்பாட்டைச் சந்தேகத்துக்குக் கருவியாக்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

மற்றவர்கள் இன்று இரவே தொடங்கலாம். சாப்பிட உட்காரும் முன், அப்பா அம்மா எண்களை Do Not Disturb பட்டியலில் சேர்த்துவிட்டு, இரண்டு சார்ஜர்களையும் ஹாலுக்கு மாற்றிவிடுங்கள். தோசை மாவை நாளைக்கு எடுத்துவையுங்கள். இன்றைக்கு உப்புமா போதும், இருவரும் ஒன்றாக உட்காருங்கள்.